சூடு: ‘வெப்ப உணவு’ என்று எழுதாதீர்கள்

சுகாதாரத் துண்டுப்பிரசுரங்களிலும் பத்திரிகைகளின் ஆரோக்கியப் பக்கங்களிலும் ‘வெப்ப உணவுகள்’, ‘தட்ப உணவுகள்’ என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது போதாதென்று, கலோரி கூடிய உணவையும் ‘வெப்பம் கூடிய உணவு’ என்று சிலர் பெயர்க்கிறார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சங்கதிகள் இப்படி ஒரே சொல்லுக்குள் விழுந்துவிட்டன. வாசிக்கிறவர் நீரிழிவுக்காரராகவோ சிறுநீரக நோயாளராகவோ இருந்தால் இது வெறும் தமிழ்ப்பிழையோடு நிற்காது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘சுடு’ என்ற வினையின் முதலெழுத்து நீண்டு ‘சூடு’ ஆனது. கெடு கேடு ஆனதும் படு பாடு ஆனதும் அப்படித்தான். வெட்டிய நெற்கதிரைக் குவித்து வைப்பதையும் வன்னியில் சூடு என்போம். அந்தச் சூட்டை இங்கே மிதிக்கத் தேவையில்லை.

கவனிக்கவேண்டியது பேச்சில் இந்தச் சொல் நடக்கும் விதம். ‘கறி சுடுது’ என்றால் வாய் வைக்க முடியாது, ஆறவிட வேண்டும். ‘கறி உறைக்குது’ என்றால் மிளகாய்த்தூள் கூடிவிட்டது. ‘நண்டு சூடு’ என்றால் இரண்டுமில்லை. முதல்நாள் இரவு வைத்து ஆறிப்போன நண்டுக்கறியும் சூடுதான். கொதிக்கக் கொதிக்க வார்த்த சவ்வரிசிக் கஞ்சியோ குளிர். ஆங்கிலத்தில் ‘ஹொட்’ என்ற ஒற்றைச் சொல் சுமக்கும் மூன்று பொருளை வன்னியில் அடுப்படியில் நிற்கிறவர்கள் சுடுதல், உறைப்பு, சூடு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பிரித்து வைத்ததைத் திரும்பக் குழைத்துத் தருவதற்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

சித்த மருத்துவத்தில் ‘வெப்பம்’, ‘தட்பம்’ என்றுதானே எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கே அந்தச் சொற்கள் தனியே வருவதில்லை. ஒவ்வொரு சரக்குக்கும் சுவை, தன்மை, பிரிவு என்று மூன்று சொல்லப்படும். மிளகுக்குத் தன்மை வெப்பம், சீரகத்துக்குத் தன்மை தட்பம். ‘தன்மை’ என்ற தலைப்பின் கீழ் வருவதால்தான் அது வெப்பமானியில் அளக்கிற வெப்பமல்ல என்பது விளங்குகிறது. வீரியம் என்றும் இதையே சொல்வார்கள். தலைப்பை வெட்டிவிட்டு ‘வெப்ப உணவு’ என்று மட்டும் எழுதினால், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்த பிள்ளை பாகை செல்சியஸைத்தான் நினைக்கும். ‘தட்பவெப்பம்’ என்றாலோ நேரே காலநிலைக்குப் போய்விடும்.

பட்டியலை வேறு மரபிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது இன்னொரு கூத்து. வெந்தயத்தை ஆயுர்வேதம் உஷ்ணம் என்கிறது. சித்தம் தட்பம் என்கிறது. சலக்கடுப்புக்கு வெந்தயம் ஊறவிட்டுக் குடிக்கிற நம்மவர்கள் சித்தத்தின் பக்கம். ஆயுர்வேதப் பட்டியலை அப்படியே தமிழாக்கி ‘வெந்தயம் வெப்ப உணவு’ என்று அச்சிட்டால், வாசிக்கிறவர் சிரித்துவிட்டு மிச்சத்தையும் நம்பமாட்டார்.

இனிக் கலோரி. ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை செல்சியஸால் சூடாக்கத் தேவையான வெப்பம் ஒரு கலோரி. உணவைப் பற்றிப் பேசும்போது சொல்வது அதன் ஆயிரம் மடங்கான கிலோகலோரியை. சொல்லின் வேர் இலத்தீனில் வெப்பத்தைக் குறிப்பதுதான் இத்தனை குழப்பத்துக்கும் சாட்டு. ஆனால் உணவில் அது காட்டுவது உடம்புக்குக் கிடைக்கும் சக்தியின் அளவை. சூட்டுக்கும் அதற்கும் ஒட்டுறவில்லை. சூடு என்று எல்லாரும் சொல்லும் மிளகுத்தூளில் ஒரு தேக்கரண்டி பத்துக் கிலோகலோரியைக்கூட எட்டாது. குளிர் என்று சொல்லும் தேங்காய்ப்பூவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கிலோகலோரி.

நீரிழிவுக்காரர் ஒருவரிடம் ‘வெப்பம் கூடிய உணவைக் குறையுங்கள்’ என்று தாளில் கொடுத்தால் என்ன நடக்கும்? மிளகு, உள்ளி, வேர்க்கொம்பை விடுவார். எருமைத் தயிர் குளிர்தானே என்று அதற்கு இரண்டு மேசைக்கரண்டி சீனி போட்டுச் சாப்பிடுவார். அந்தச் சீனி மட்டும் 25 கிராம், 100 கிலோகலோரி. அவர் தாளை மீறவில்லை. தாளில் இருந்தபடிதான் நடந்தார்.

சூட்டை நவீன விஞ்ஞானத்தால் நிறுவிவிட்டதாக எழுதுகிறவர்களும் அவசரப்படுகிறார்கள். மிளகாயின் கப்சாய்சின், ஏறத்தாழ 43 பாகை செல்சியஸில் திறக்கும் ஒரு நரம்பு வாங்கியைத் திறந்துவிடுகிறது. சுட்டதென்று மூளை எண்ணி வியர்க்க வைக்கிறது. இதைக் கண்டறிந்ததற்காகவே டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் இது உறைப்பின் விளக்கம். உறைக்காத நண்டு ஏன் சூடு என்பதற்கு இதில் பதிலில்லை. புரதம் செமிக்கும்போது அதன் சக்தியில் 20 முதல் 30 வீதம் வெப்பமாகச் செலவாகிறது, அதுதான் இறைச்சியின் சூடு என்பார்கள். அப்படியானால் நாலில் ஒரு பங்கு புரதமான உழுந்தைச் சித்தம் ஏன் தட்பத்தில் வைத்தது? ஒரு துண்டு பொருந்தியதற்காக முழுப் பட்டியலையும் விஞ்ஞானம் என்று முத்திரை குத்த முடியாது.

‘உடம்புச் சூடு’ என்று நம்மவர்கள் சொல்வது பெரும்பாலும் ஓர் அறிகுறிக் கூட்டத்தை: கண்ணெரிவு, வாய்ப்புண், மஞ்சள் கடுத்த சலம், சலம் போகும்போது எரிவு. ஓகஸ்ட் வெயிலில் வயலில் நின்று, தண்ணீர் குடிக்காமல் விட்டவருக்குச் சலம் செறிவாகி எரிகிறது. இளநீரோ மோரோ குடித்துச் சலம் வெளிறினால் எரிவும் தணிகிறது. இங்கே ‘குளிர்’ என்பதன் வேலையில் பெரும்பங்கு தண்ணீருடையது. தண்ணீர் குடித்துச் சலம் வெளிறிய பின்னும் எரிவு தணியாமல் இருந்தாலோ, காய்ச்சல், விலாவுக்குக் கீழே நோவு, சலத்தில் இரத்தம் என்று ஏதாவது சேர்ந்தாலோ, அது கிருமித் தொற்றாகவோ கல்லாகவோ இருக்கலாம். வெந்தயத் தண்ணியோடு காத்திருக்காமல் சலம் சோதிக்கப் போக வேண்டும்.

காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ள வவுனியாப் பக்கத்தில் இது இன்னும் முக்கியம். அந்த நோய் தொடக்கத்தில் அறிகுறி காட்டாது. பிறகு வரும் உபாதைகளைச் சூடு என்று எடுத்து, குளிருக்கு இளநீர் குடித்தால் வில்லங்கம் அங்கேதான். 100 மில்லி இளநீரில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. 400 மில்லி கொண்ட ஒரு செவ்விளநீர் இரண்டு பெரிய வாழைப்பழத்துக்குச் சமன். நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாதபோது இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குழப்பும். ‘தட்ப உணவு, தாராளமாக உண்ணலாம்’ என்ற ஒரு வரி இங்கே ஆளையே விழுத்தும்.

ஆகவே எழுதுகிறவர்களுக்கு: பாகையில் அளப்பதைச் ‘சுடச்சுட’, ‘ஆறிய’ என்று எழுதுங்கள். மிளகாய்க்கு ‘உறைப்பு’ இருக்கிறது. மரபுக் கருத்தைச் ‘சூட்டுத்தன்மை’, ‘குளிர்த்தன்மை’ என்று, தன்மையை விடாமல் எழுதுங்கள். தூய தமிழ்க்காரர் முகம் சுளித்தாலும் கலோரி கலோரியாகவே இருக்கட்டும். தமிழ்தான் வேண்டுமென்றால் ‘சக்தி’ என்பதைவிட ‘ஆற்றல்’ பொருந்தும், ‘வெப்பம்’ மட்டும் வேண்டாம். சிறுநீரக நோயாளருக்கான தாளில் சூடும் வேண்டாம் குளிரும் வேண்டாம்: ‘இளநீரில் பொட்டாசியம் கூட; இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சொன்ன பிறகே குடிக்கவும்’ என்று நேரே எழுதினால் போதும்.