பேரேட்டில் உரிமை இருக்கிறது, வருமானம் இல்லை: பிட்காயின் மதிப்பில் ஏன் இத்தனை சண்டை?

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வருகிறவர்களில் பலர் இப்போது வங்கி அறிக்கையோடு கிரிப்டோ கொடுக்கல் வாங்கல் அறிக்கையையும் கொண்டுவருகிறார்கள். என்ன வாங்கினீர்கள் என்று கேட்டால் வாங்கிய விலையையும் இன்றைய விலையையும் சொல்கிறார்கள். வாங்கிய பொருள் எது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. அது தெரியாமல் அதன் மதிப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிட்காயின் என்பது ஒரு பேரேட்டில் இருக்கும் பதிவு. சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் எழுதியவர் 2009 ஜனவரி 3 அன்று அந்தப் பேரேட்டைத் தொடங்கினார். அதன் முழுப் பிரதி உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஆனால் பெயர்கள் இருக்காது, எழுத்தும் எண்ணும் கலந்த முகவரிகள்தான் இருக்கும்.

உங்கள் முகவரியில் 0.5 பிட்காயின் என்று ஒரு பதிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 0.2-ஐ ஒருவருக்கு அனுப்ப வேண்டும். வங்கியில் இருப்பிலிருந்து கழிப்பார்கள். இங்கே அந்த 0.5 பதிவே மொத்தமாகச் செலவாகி முடிகிறது. அதற்குப் பதில் இரண்டு புதிய பதிவுகள் பிறக்கின்றன: பெறுகிறவர் முகவரியில் 0.2, மீதிச் சில்லறையாக உங்களுக்கே 0.2999. கணக்கில் விட்டுப்போன 0.0001 பரிமாற்றத்தைப் பேரேட்டில் ஏற்றும் மைனருக்குக் கட்டணம். இதற்கு ஒப்புதல் தருவது உங்கள் ரகசியச் சாவி, அதாவது உங்களிடம் மட்டும் இருக்கும் ஒரு நீண்ட ரகசிய எண். அது தொலைந்தால் மனு கொடுத்து மீட்க எந்த அலுவலகமும் இல்லை.

இப்படிப்பட்ட பரிமாற்றங்கள் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு பிளாக்காகத் திரட்டப்படுகின்றன. ஒவ்வொரு பிளாக்குக்கும் கணிதமுறையில் ஒரு கைரேகை எடுக்கிறார்கள், அதுதான் ஹாஷ். முதல் பிளாக்கின் ஹாஷ் இது:

```
000000000019d6689c085ae165831e934ff763ae46a2a6c172b3f1b60a8ce26f
```

முன்னால் வரிசையாக நிற்கும் சுழியங்கள் தற்செயலாக வந்தவை அல்ல. ஹாஷ் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே விழவேண்டும் என்பது விதி. அப்படி விழும்வரை ஓர் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு முயல்வதுதான் மைனிங். மின்சாரம் அதற்குத்தான் செலவாகிறது. இரண்டாவது பிளாக் தன்னுள் மேலே உள்ள ஹாஷைச் சுமக்கிறது, மூன்றாவது இரண்டாவதின் ஹாஷைச் சுமக்கிறது. பழைய பிளாக் ஒன்றில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் அதன் ஹாஷ் அடியோடு மாறி, அடுத்த பிளாக்கோடு பொருந்தாமல் போகும். திருத்தியவர் அதற்குப் பின்வந்த எல்லா பிளாக்குகளுக்கும் அந்த வேலையை மறுபடி செய்து, மற்ற மைனர்களையும் முந்தவேண்டும். பழைய பதிவைத் திருத்துவது கட்டுபடியாகாது என்பதே இந்தப் பேரேட்டின் பாதுகாப்பு. பிளாக்குகள் இப்படிச் சங்கிலியாகக் கோத்து நிற்பதால்தான் இதற்குப் பிளாக்செயின் என்று பெயர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீங்கள் வாங்கிய நாணயம் எக்ஸ்சேஞ்ச் செயலியிலேயே கிடந்தால், பிளாக்செயினில் இருப்பது அந்த நிறுவனத்தின் முகவரி. உங்கள் பெயர் இருப்பது அந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் மட்டும். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது வாடிக்கையாளர்கள் பணம் எடுக்க முடியாமல் நின்றதற்கும் பிளாக்செயினின் உறுதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இனி, கணக்கு எழுதுகிறவன் கண்ணோடு இந்தப் பேரேட்டைப் பாருங்கள். யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு போனது என்பது முழுவதும் இருக்கிறது. ஆனால் லாப நட்டக் கணக்கு என்று ஒன்று இல்லை. ஒரு கம்பெனியின் பங்குப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருந்தால், அந்தக் கம்பெனியின் லாபத்தில் உங்களுக்கு உரிமை உண்டு. கடன் பத்திரத்தில் பெயர் இருந்தால் வட்டி தரவேண்டியவர் ஒருவர் இருக்கிறார். பிட்காயின் பதிவு உங்களுக்கு யாரிடமும் எதையும் கேட்கும் உரிமையைத் தருவதில்லை. இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கும் உரிமையை மட்டும் தருகிறது. மதிப்பைப் பற்றிய சண்டை முழுவதும் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

அந்தச் சண்டை என் அலுவலக மேசையிலேயே ஒரு முறை நடந்தது. வெளிநாட்டில் படிக்க விசாவுக்கு விண்ணப்பிக்க, குடும்பத்தின் நிகர மதிப்புச் சான்றிதழ் கேட்டு அப்பாவும் மகனும் வந்திருந்தார்கள். சொத்துப் பட்டியலில் வாடகைக்கு விட்ட ஒரு கடையும் மகன் வாங்கிவைத்த கொஞ்சம் பிட்காயினும் இருந்தன. "ஆடிட்டர் சார், அந்தக் காயினுக்குச் சுழியம் என்று போட்டுவிடுங்கள், அது சூதாட்டம்" என்றார் அப்பா. "சார், இன்று விற்றால் இன்றே பணம் வரும். கடையை விற்க ஆறு மாதம் ஆகும். எது நிஜமான சொத்து?" என்று கேட்டான் மகன். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

கடையின் கணக்கைப் பார்ப்போம். மாத வாடகை 20,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,40,000. சொத்து வரி, பராமரிப்பு, ஆள் இல்லாமல் காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் போக 2,00,000 கையில் நிற்கும். முதலுக்கு 8 சதவீதம் வந்தால் போதும் என்பவருக்கு இந்தக் கடை 25 லட்சம் பெறும். 10 சதவீதம் வேண்டும் என்பவருக்கு 20 லட்சம். வாடகை உயராது என்று எளிமைக்காக வைத்துக்கொண்ட கணக்கு இது. இரண்டு பேர் எவ்வளவு முரண்பட்டாலும் இடைவெளி ஐந்து லட்சம்தான். காரணம், பகுக்கப்படும் எண்ணான அந்த 2,00,000-ஐ இருவருமே ஒப்புக்கொள்கிறார்கள்.

அதே சூத்திரத்தில் பிட்காயினைப் போட்டால் பகுக்கப்படும் எண் சுழியம். எந்தச் சதவீதத்தால் வகுத்தாலும் விடை சுழியம். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் நின்ற இடம் இதுதான். உலகிலுள்ள பிட்காயின் முழுவதையும் 25 டாலருக்குக் கொடுத்தாலும் வாங்கமாட்டேன், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, விவசாய நிலம் விளைச்சல் தரும், அடுக்குமாடி வீடு வாடகை தரும் என்று 2022-இல் தன் நிறுவனப் பங்குதாரர் கூட்டத்தில் அவர் சொன்னார்.

மறுதரப்பு இந்தச் சூத்திரமே இங்கே செல்லாது என்கிறது. தங்கமும் வட்டி தருவதில்லை. தங்கப் பத்திரம் 2.5 சதவீதம் தந்ததே என்றால், அது அரசு தந்த வட்டி, தங்கம் ஈன்றது அல்ல. இருந்தும் தங்கத்தைச் சுழியம் என்று யாரும் சொல்வதில்லை. பிட்காயின் மொத்தம் 2.1 கோடிக்கு மேல் வராது, எந்த அரசும் அச்சடித்துக் கூட்ட முடியாது, எல்லை தாண்டி யாருடைய அனுமதியும் இன்றி அனுப்பலாம், ஆகவே தங்கத்தின் இடத்தில் ஒரு பகுதியை அது பிடிக்கும் என்பது இவர்கள் வாதம். வலுவான வாதம்தான். ஆனால் எவ்வளவு பகுதி? 5 சதவீதம் என்பவருக்கும் 50 சதவீதம் என்பவருக்கும் விடையில் பத்து மடங்கு வித்தியாசம். இருவரில் யார் சரி என்று காட்ட வாடகை ரசீது போன்ற ஒரு சான்றும் கிடையாது.

சென்னையில் பிறந்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மதிப்பீட்டியல் கற்பிக்கும் அஸ்வத் தாமோதரன் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறார். பணவரவு தரும் சொத்துக்கு மதிப்புக் கணக்கிடலாம். நாணயத்துக்கும் சேகரிப்புப் பொருளுக்கும் விலை மட்டுமே சொல்ல முடியும், மதிப்பு சொல்ல முடியாது. பிட்காயின் இந்த இரண்டாம் வகை என்பது அவர் முடிவு. எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது. அந்தச் சான்றிதழில் பிட்காயின் எண்ணிக்கையை எழுதி, எந்தத் தேதியில் எந்தச் சந்தையின் விலை என்பதையும் பக்கத்திலேயே குறிப்பிட்டேன். மதிப்பு என்ற சொல்லை அந்த வரியில் போடவில்லை.

நம்பிக்கையாளர்கள் அதிகம் பேசாத ஒரு கணக்கும் உண்டு. 2024 ஏப்ரல் முதல் ஒவ்வொரு பிளாக்குக்கும் மைனருக்கு 3.125 புதிய பிட்காயின் கிடைக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 144 பிளாக், ஆக 450 பிட்காயின். மின்கட்டணம் கட்ட மைனர்கள் அதில் பெரும்பங்கை விற்றாகவேண்டும். பிட்காயின் வைத்திருப்பவர்களை ஒரே கூட்டமாக எடுத்துக்கொண்டால், அவர்கள் வெளியே எடுக்கும் ரூபாய் எல்லாம் வேறு யாரோ உள்ளே போட்ட ரூபாய்தான். அதிலும் மின்சாரத்துக்குப் போனது கழிந்துவிடுகிறது. கடையில் அப்படி இல்லை. வாடகை தருபவர் அங்கே வியாபாரம் செய்து சம்பாதித்துத் தருகிறார்.

விலை சரியும்போது இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். 25 லட்சம் பெறும் கடையை அவசரத்துக்கு ஒருவர் 16 லட்சத்துக்கு விற்க வந்தால், அதே 2,00,000 வருமானம் இப்போது 12.5 சதவீதம். வங்கி வைப்பில் அவ்வளவு வராது என்று கணக்குப் போட்டு யாராவது வாங்க வந்துவிடுவார்கள். வாடகை விலைக்கு ஒரு தரை போடுகிறது. பிட்காயின் 2021 நவம்பரில் 69,000 டாலரை ஒட்டி இருந்தது, ஓராண்டில் 16,000 டாலருக்கும் கீழே போனது. வழியில் 40,000 மலிவா, 25,000 மலிவா என்று காட்ட எந்த எண்ணும் இல்லை. பிறகு அது பழைய உச்சத்தைத் தாண்டியது உண்மை. ஆனால் இடையில் கடன் வாங்கிப் போட்டவர்களால் அதுவரை தாக்குப்பிடிக்க முடியவில்லை. நம் நாட்டு வரிச் சட்டமும் இரக்கம் காட்டாது. ஒரு நாணயத்தில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நட்டம் என்றால் நட்டத்தைக் கழிக்க முடியாது. லாபத்துக்கு 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31,200 ரூபாய் கட்டவேண்டும். வரி வாங்குவதால் அரசு அதன் மதிப்புக்கு உறுதி தருகிறது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி எந்த உறுதியும் இல்லை.

பணவரவு இல்லாத பொருளுக்கு இருப்பதுபோல் ஒரு வரவைக் காட்டும் இடத்தில்தான் மோசடி நுழைகிறது. கெயின்பிட்காயின் என்ற திட்டம் நம் நாட்டிலேயே நடந்தது. பிட்காயினைக் கொடுத்தால் மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் பிட்காயினாகவே தருகிறோம் என்றார்கள். கூட்டிப் பாருங்கள், 100 கொடுத்தால் 180 திரும்ப வரவேண்டும். மைனிங்கில் சம்பாதித்துத் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் உலகம் முழுவதற்கும் புதிதாக வரும் பிட்காயின் எவ்வளவு என்பது விதியால் கட்டப்பட்டது. ஆள் சேரச் சேர அது கூடாது. சேருகிற எல்லோருக்கும் 180 தர அதில் வழியே இல்லை. பின்னால் வந்தவர்களின் நாணயத்தை முன்னால் வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அது வற்றியதும் பிட்காயினுக்குப் பதில் தாங்களே உருவாக்கிய வேறொரு நாணயத்தைக் கையில் திணித்தார்கள். வழக்கு சிபிஐ வரை போனது.

ஆகவே மாதாமாதம் வருமானம் என்று யாராவது கிரிப்டோ திட்டத்தோடு வந்தால், அந்த வருமானத்தைச் சம்பாதிப்பவர் யார் என்று கேளுங்கள். கடன் வாங்கியவர் என்றால், அவர் யார், என்ன ஈடு வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். எத்தீரியம் ஸ்டேக்கிங் என்றால், அதாவது எத்தீரியம் என்ற இன்னொரு பிளாக்செயினைப் பாதுகாக்க அதன் நாணயமான எத்தரைப் பூட்டிவைப்பது என்றால், அந்த வெகுமதி புதிதாக உருவாகும் எத்தரும் பயனர்கள் தரும் கட்டணமும் சேர்ந்தது, எத்தராகவே வரும், ரூபாயில் அதன் விலை உங்களுக்கு உறுதி இல்லை. இந்த இரண்டில் எதுவும் இல்லாமல், 'எங்கள் ரோபோ டிரேடிங் செய்கிறது' என்று மட்டும் சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், பரிமாற்ற எண்களையும் வாலட் முகவரிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அன்றைக்கே அழையுங்கள்.