பாட்டு ஓடினால் சொல் விழும்

பென்னாகரம் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் போன வருடம் தர்மபுரியில் இருக்கும் என் சின்ன ரெக்கார்டிங் அறைக்கு ஒரு பாட்டைப் பதிவு செய்ய எட்டுப் பிள்ளைகளோடு வந்தார். எங்கள் மாவட்டத்துப் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படியும். போர் தண்ணீரைக் குடிக்காதீர்கள், குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரைக் குடியுங்கள் என்று சொல்லும் பாட்டு அது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகப் போடப்போவதாகச் சொன்னார். அவர் கொண்டுவந்த தாள லூப் நிமிடத்துக்கு 112 தட்டு வேகத்தில் இருந்தது. துள்ளலாக இருக்கிறதே என்று நானும் அதன் மேலேயே பாடவைத்து அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. "சார், ரேஷன் கடை வரிசையில ஒரு பாட்டி என்னைப் பிடிச்சு, ‘அந்தத் தண்ணிய காய்ச்சினா சரியாப் போயிடுமாமே, பாட்டுல சொல்றாங்களே’ன்னு கேக்கறாங்க."

பாட்டில் இருந்த வரி "அந்தத் தண்ணி உப்பு காய்ச்சினாலும் போகாது". காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது; தண்ணீர் ஆவியாவதால் அதன் அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும். பதிவை எடுத்து ஹெட்ஃபோனில் கேட்டேன். பிள்ளைகள் வாயில் ‘லும்’ காணவில்லை, கடைசித் ‘து’வும் காணவில்லை. "காச்சினா போகா" என்றுதான் கேட்கிறது. கேட்பவர் காதில் அது ‘காய்ச்சினால் போகும்’ ஆகிவிடும். சொல்ல வந்ததற்கு நேர் எதிரான செய்தியை நான் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன்.

பிள்ளைகள் மேல் தப்பில்லை. முதல் வரி இது: "ஆழ்துளைக் கிணத்துத் தண்ணி குடிச்சுப் பல்லு மஞ்சளாச்சு". ஒற்றெழுத்தை விட்டுவிட்டு உயிரும் உயிர்மெய்யும் மட்டும் எண்ணினால் 17 எழுத்து. அந்த மெட்டில் ஒரு வரிக்கு நான்கு தட்டுதான் இடம். 112 வேகத்தில் நான்கு தட்டு என்பது 2.1 நொடி. ஒரு நொடிக்கு எட்டு எழுத்து, நடுவில் மூச்சும் இல்லை. முதல் வரியை எப்படியோ முடித்து, மூச்சு வாங்காமலே இரண்டாம் வரிக்குள் விழுந்த பிள்ளைகள் அதன் வால் பகுதியை விழுங்கிவிட்டார்கள். வரியின் வாலில்தானே தமிழில் ‘இல்லை’யும் ‘ஆகாது’ம் உட்கார்ந்திருக்கின்றன!

மறுபடி வரச்சொன்னேன். வேகத்தைக் குறைத்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். 65க்கு இறக்கினோம். சொல்லெல்லாம் வந்தது, பாட்டு படுத்துவிட்டது. அதைவிட மோசம், இடம் அதிகமானதும் பிள்ளைகள் குறிலை இழுக்க ஆரம்பித்தார்கள். "பல்லு மஞ்சளாச்சு" என்பது "பாலு மஞ்சளாச்சு" ஆகிவிட்டது. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று பள்ளியில் படித்த கணக்கு வெறும் பரீட்சைக்கானது இல்லை. அவசரத்தில் நெடில் குறுகும், ஆறப்போட்டால் குறில் நீளும். இரண்டிலும் சொல் மாறிவிடும்.

அதனால் தாளத்தை நிறுத்திவிட்டு, ஆசிரியரை வகுப்பில் சொல்வதுபோல வரியைச் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். அவர் சொல்லச்சொல்ல மேசையில் தட்டிப் பார்த்தேன். விரல் தானாகவே மும்மூன்றாக விழுந்தது.

ஆழ்து – ளைக்கி – ணத்துத் – தண்ணி – குடிச்சுப் – பல்லு – மஞ்ச – ளாச்சு.

எட்டுத் தட்டு. ஒவ்வொரு தட்டுக்குள்ளும் மூன்று இடம். அநேகமாக எல்லாமே முன்னெழுத்துக்கு இரண்டு இடம், பின்னெழுத்துக்கு ஒன்று. அதாவது திஸ்ர நடை, நம் கும்மி போகிற நடை. சதுஸ்ரத்தில் தட்டுக்கு நான்கு இடம் என்று சமமாக அறுத்து வைத்த லூப்பில், நெடில் குறில் எல்லாம் ஒரே அளவுப் பெட்டிக்குள் திணிக்கப்பட்டிருந்தது. சொல்லுக்குள்ளேயே ஒரு நடை இருந்தும் நாங்கள் வேறு நடையில் அதை ஓட்டியிருக்கிறோம்.

ஆனால் எட்டுத் தட்டும் சொல்லால் நிரம்பினால் மூச்சு எங்கே வாங்குவது? இங்கே வேகத்தைத் தொடாமல் வரியைத் தொட்டோம். ‘ஆழ்துளைக் கிணத்துத் தண்ணி’ என்று ஊரில் யாரும் சொல்வதில்லை, ‘போரு தண்ணி’ என்றுதான் சொல்வார்கள். போரு – தண்ணி – குடிச்சுப் – பல்லு – மஞ்ச – ளாச்சு. ஆறு தட்டில் முடிந்தது. மீதி இரண்டு தட்டு மூச்சுக்கும் பம்பைக்கும். இரண்டாம் வரியும் அதே அளவுக்கு வந்தது: அந்த – உப்பு – காய்ச்சி – னாலும் – போ – காது. ‘போ’வுக்கு முழுத் தட்டும் கொடுத்தோம். யார் காதிலும் விழாமல் போகாது.

இப்போதுதான் வேகம். போனில் நேரம் பார்த்தோம். ஆசிரியர் முதல் வரியைச் சொல்ல 2.8 நொடி ஆனது. ஆறு தட்டுக்கு அது என்றால் நிமிடத்துக்கு 129 தட்டு. அது பேச்சின் வேகம், பாட்டுக்கு அது உச்சவரம்பு. பாடும்போது உயிரெழுத்து நிற்க இடம் வேண்டும். பெரியவர்களுக்கே நான் பேச்சு நேரத்தோடு கால் பங்காவது கூட்டுவேன், பிள்ளைகளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அப்படிப் பார்த்தால் 3.7 நொடி, 96 அல்லது 97 தட்டு.

96ஐ வைத்தபின், வரியிலேயே நெருக்கமான இடத்தை மட்டும் தனியாகப் பாடவைத்தேன். இங்கே அது ‘குடிச்சுப்’. ஒரு தட்டுக்குள் மூன்று எழுத்து, கூடவே இரண்டு ஒற்று. அது தெளிவாக வந்தால் மற்றதெல்லாம் வரும். சராசரியை நம்பி வேகம் வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த மாதிரி ஒரு தட்டில்தான். 104 வரை ஏற்றிப் பார்த்தோம். ‘குடிச்சுப்’ அங்கே ‘குச்சுப்’ ஆனது. திரும்ப 96க்கே வந்தோம்.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். சில மென்பொருளிலும் கீபோர்டிலும் திஸ்ரத்துக்கான 6/8 போட்டாலும் வேகத்தைக் கால் நோட்டில்தான் கணக்கிடும். நம் ஒரு தட்டு ஒன்றரைக் கால் நோட்டு நீளம், அதனால் அப்போது நம் 96 தட்டுக்குத் திரையில் 144 என்று போடவேண்டும். திரையில் 96 என்று போட்டுவிட்டு, பாட்டு ஏன் இப்படி நகர்கிறது என்று நான் கால் மணி நேரம் தலையைச் சொறிந்தது உண்டு.

துள்ளல் குறைந்துவிடுமோ என்று ஆசிரியருக்குப் பயம். குறையவில்லை. தட்டு 96 என்றாலும் பம்பை அதற்குள் மூன்று மூன்றாக விழுவதால் காதுக்குப் பழைய 112ஐவிடச் சுறுசுறுப்பாகவே இருந்தது.

‘பல்லு’வை எப்படிக் காப்பது என்பதையும் அன்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். முன்னெழுத்துக்குக் கிடைக்கும் இரண்டு இடத்தையும் ‘ப’வை இழுத்து நிரப்பாமல் ‘ல்’லில் நிற்கவேண்டும். ல், ண், ஞ் எல்லாம் இழுக்க இடம் தரும் மெய்கள். ச், த், ப் தராது, அங்கே வாயை மூடி அந்த நேரத்தைச் சும்மா விடவேண்டியதுதான்.

திஸ்ரம் எல்லாச் சொல்லுக்கும் ஒத்துவராது. சரணத்தில் ‘குழந்தைக்கு’ என்று ஒரு இடம். தட்டின் மேல் எடுத்தால் ‘கூழந்தைக்கு’ என்று வந்து பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ‘கு’வைத் தட்டுக்கு முன்னாலேயே எடுத்து, ‘ழந்’ தட்டில் விழும்படி மாற்றினோம்.

புதுப் பதிவு போன மாதம் ஊருக்குள் போனது. அதே பாட்டி ஆசிரியரை மறுபடி பிடித்தாராம். "காய்ச்சினாலும் போகாதுன்னா, நர்ஸம்மா எதுக்குப்பா காய்ச்சிக் குடிக்கச் சொல்றாங்க?" கிருமிக்காக என்ற பதில் இரண்டாம் சரணத்தில் இருக்கிறது. ஆசிரியர் எழுதித் தந்திருக்கும் அந்த வரி 21 எழுத்து. இன்னும் பதிவு செய்யவில்லை.