எல்லா வயிற்றுப் புடைப்பும் குடலிறக்கம் இல்லை

இந்த மாதத்தில் மட்டும் இது நான்காவது. பிரசவமான பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள், கண்ணில் பயம். "மேடம், எனக்குக் குடலிறக்கமாம். எழுந்து உட்கார்ந்தா குடல் வெளியே தள்ளுது." யார் சொன்னது என்று கேட்டால் மாமியார், பக்கத்து வீட்டு அக்கா, யூடியூப். படுக்கவைத்து வயிற்றின் மேல் விரல் வைத்துப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

அந்த நால்வரில் மூன்று பேருக்குக் குடலிறக்கம் இல்லை. வயிற்றுத் தசை விலகல்தான். டயாஸ்டாசிஸ் ரெக்டை என்று சீட்டில் எழுதுவோம். நான்காவது பெண்ணுக்கு உண்மையிலேயே தொப்புள் குடலிறக்கம். அவரோ அதுவரை வாயுத் தொல்லை என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

மார்புக்கூட்டிலிருந்து இடுப்பெலும்பின் முன்பக்கம் வரை நீளும் இரண்டு தசைகள், நடுவில் அவற்றை இணைக்கும் வெள்ளைப் பட்டை. கர்ப்பம் வளரும்போது அந்தப் பட்டை அகலமாகி மெலிகிறது. கடைசி மாதத்தில் கிட்டத்தட்ட எல்லாப் பெண்களுக்கும் இது நடக்கும். பிரசவத்துக்குப் பின் முதல் எட்டு வாரத்தில் பெரும்பகுதி தானாகத் திரும்பிவிடும். சிலருக்கு மிச்சம் நின்றுவிடும். நார்வேயில் முதல் பிரசவமான 300 பெண்களைப் பின்தொடர்ந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், ஆறாவது வாரத்தில் 60 சதவீதம் பேருக்கும், ஓராண்டில் மூன்றில் ஒருவருக்கும் விலகல் இருந்தது. அதே ஆய்வில், விலகல் உள்ளவர்களுக்கு இடுப்புவலி அதிகமாக இல்லை. ஆகவே "முதுகு வலிக்கு இதுதான் காரணம்" என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம்.

இப்போது எனக்கு எரிச்சல் மூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். உள்பாவாடையில் போடும் எலாஸ்டிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்து இழுத்துத் தொய்ந்த எலாஸ்டிக் ஒன்று. நடுவில் ஓட்டை விழுந்த துணி இன்னொன்று. தசை விலகலில் பட்டை தொய்ந்திருக்கிறது, ஆனால் முழுசாக இருக்கிறது. அதன் வழியாக எதுவும் வெளியே வராது, சிக்கிக்கொள்ளாது. குடலிறக்கத்தில் ஓட்டை இருக்கிறது. அதன் வழியே கொழுப்போ குடலோ நுழைகிறது. தொய்ந்ததை உடற்பயிற்சியால் இறுக்கலாம். ஓட்டையை உடற்பயிற்சி தைக்காது. இவ்வளவுதான். இதைப் புரியாமல் ஒரு பக்கம் தசை விலகல் உள்ள பெண் குனியவும் பயந்து ஆறு மாதம் படுத்தே கிடக்கிறார். மறுபக்கம் குடலிறக்கம் உள்ளவர் பெல்ட் கட்டிக்கொண்டு "சரியாப் போயிடும்" என்று காத்திருக்கிறார்.

வீட்டில் எப்படிப் பார்ப்பது? மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். தொப்புளுக்கு நாலு விரல்கடை மேலே, நடுக்கோட்டில், விரல் நுனிகளைக் குறுக்காக வையுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே தலையையும் தோள்பட்டையையும் மெல்லத் தூக்குங்கள். இரண்டு பக்கமும் தசையின் விளிம்பு விரலை நெருக்கும். எத்தனை விரல் நுழைகிறது, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பாருங்கள். அதே போலத் தொப்புளிலும், தொப்புளுக்குக் கீழேயும். இரண்டு விரலுக்கு மேல் போனால் விலகல் இருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் அகலத்தை மட்டும் பார்க்காதீர்கள். அடியில் பட்டை முரசுத் தோல் மாதிரி விறைப்பாகத் தெரிகிறதா, பஞ்சு மாதிரி உள்ளே போகிறதா என்பதுதான் பெரிது. இரண்டரை விரல் அகலம் இருந்தாலும் பட்டை விறைத்து நின்றால் வேலை செய்யும் வயிறு அது.

தலை தூக்கும்போது விலகல் எப்படித் தெரியும் என்றால், கவிழ்த்துப் போட்ட படகின் அடிப்பாகம் போல நீளமாக ஒரு முகடு எழும். மார்புக்குழியிலிருந்து தொப்புள் வரை அல்லது அதையும் தாண்டி. வலிக்காது, படுத்ததும் மறைந்துவிடும். குடலிறக்கம் அப்படி இல்லை. ஒரே இடத்தில், பெரும்பாலும் தொப்புளிலோ பழைய தையல் தழும்பிலோ, உருண்டையாகத் துருத்தும். விரலை அதன் மேல் வைத்து இருமிப் பாருங்கள், விரல் நுனியில் தட்டும். அழுத்தினால் உள்ளே போகலாம். போன இடத்தில் வளையம் போன்ற விளிம்பு தட்டுப்படும். சந்தேகம் இருந்தால் வயிற்றுச் சுவர் ஸ்கேன் போதும். எடுப்பவரிடம் தலை தூக்கியும் இருமியும் பார்க்கச் சொல்லுங்கள், சும்மா படுத்த நிலையில் மட்டும் பார்த்தால் சின்ன ஓட்டை தப்பிவிடும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. துருத்தல் கல் போல ஆகி உள்ளே போகாமல் நின்றால், தோல் சிவந்தோ கறுத்தோ மாறினால், வாந்தி வந்தால், மலமும் காற்றும் போகாமல் நின்றால், குடல் சிக்கிக்கொண்டிருக்கலாம். வெற்றிலையில் எண்ணெய் தடவி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ, எது அருகில் உள்ளதோ அங்கே போங்கள்.

சிசேரியனில் தசையை வெட்டியதால்தான் இப்படி ஆனது என்று சண்டைக்கு வருபவர்களும் இருக்கிறார்கள். பொதுவாக அந்தத் தசைகளை வெட்டுவதில்லை, இரண்டு பக்கமும் ஒதுக்குகிறார்கள். சுகப்பிரசவத்திலும் விலகல் வரும். துணி கட்டாததால் வந்தது என்பதும் இல்லை. பழைய நூல் புடவையை வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் பட்டை ஒட்டிக்கொள்ளாது. அழுத்தம் கீழே போகும்; இடுப்புத்தளத் தசைகள்தான் பாடுபடும். நடக்கும்போது ஆதரவு வேண்டுமென்றால் முதல் சில வாரங்களுக்குத் தளர்வாக, இரண்டு விரல் உள்ளே போகிற மாதிரிக் கட்டிக்கொள்ளுங்கள், தூங்கும்போது அவிழ்த்துவிடுங்கள். பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் நிறுத்துவதும் இதில் சேர்ந்ததே. மலச்சிக்கல் வந்து முக்கும்போது அந்தத் தொய்ந்த பட்டைதான் அடி வாங்குகிறது. பாட்டி கோபித்துக்கொண்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

பயிற்சி எப்படிப் போக வேண்டும் என்பதை அந்த மூவரில் ஒருவரின் கதையிலேயே சொல்கிறேன். 29 வயது, இரண்டாவது குழந்தை, ஐந்து மாதம் ஆகியிருந்தது. தொப்புளுக்கு மேலே நாலு விரல், தொப்புளில் மூன்று, கீழே இரண்டு. விரல் முதல் கணு வரை உள்ளே போனது. இருமினால் எங்கும் தட்டவில்லை. பகல் முழுக்க பெல்ட், காலையில் 50 சிட்-அப். தொப்பை குறைய வேண்டுமாம். ஒவ்வொரு சிட்-அப்பிலும் அந்தப் படகு கவிழ்ந்து எழும்பியது; மூச்சை அடக்கிக்கொண்டே செய்தார்.

முதல் இரண்டு வாரம் மூச்சு மட்டும். மல்லாந்து, முழங்கால் மடக்கி, கைகளை அடிவயிற்றில் இடுப்பெலும்புக்கு உள்பக்கமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். மூச்சை இழுக்கும்போது விலா விரியட்டும். விடும்போது, சூடான காபியை ஊதுகிற மாதிரி வாயால் மெல்ல விட்டுக்கொண்டே, காற்றையும் சிறுநீரையும் அடக்குவது போல இடுப்புத்தளத்தை மேலே இழுக்க வேண்டும். அடிவயிறு தானாக லேசாக உள்ளே போகும். ஐந்து நொடி, பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. வயிற்றை முதுகுத்தண்டு வரை இழுக்கிறேன் என்று எக்கிக்கொள்ள வேண்டாம், மூச்சு அடைபடும். சிறுநீர் போகும்போது நிறுத்திப் பழகவும் வேண்டாம்.

மூன்றாவது வாரத்திலிருந்து அதே மூச்சோடு ஒரு குதிகாலைப் பாயில் நீட்டி இழுப்பது, பிறகு முழங்காலை வெளியே சாய்த்து மீட்பது, இடுப்பைத் தூக்கி இறக்குவது. பக்கத்துக்குப் பத்து, இரண்டு சுற்று. ஆறாவது வாரத்தில் தலையை மட்டும் தூக்குவது, பிறகு தோள்வரை. தலை தூக்கினாலே விஷம் என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு, அதுவும் தவறு. தலை தூக்கும் அந்த நேரத்தில் இடைவெளி குறைவதைத்தான் ஸ்கேன் காட்டுகிறது. எந்தப் பயிற்சி என்பதல்ல, முகடு எழும்புகிறதா என்பதே அளவுகோல். எழும்பினால் அந்தப் படியைவிட்டு ஒரு படி கீழே இறங்குங்கள், மூச்சைத் திருத்துங்கள், அடுத்த வாரம் மறுபடி ஏறிப் பாருங்கள். பிளாங்க், இரு கால் சேர்த்துத் தூக்குவது எல்லாம் அதற்கப்புறம்தான். எட்டாவது வாரத்திலிருந்து நின்றுகொண்டு சுவரைத் தள்ளுவது, கையில் 2 கிலோ பையோடு உட்கார்ந்து எழுவது.

இதற்கிடையே வீட்டு வேலை நிற்காது, தெரியும். கட்டிலிலிருந்து பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி எழுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ. முதல் மூன்று மாதம் அதை வேறு யாராவது தூக்கட்டும், கிரைண்டர் கல்லையும்கூட. குழந்தையைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, மூச்சை விட்டுக்கொண்டே தூக்குங்கள்.

பன்னிரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணுக்குத் தொப்புளுக்கு மேலே இரண்டரை விரல் இருந்தது, முழுசாக மூடவில்லை. ஆனால் விரல் பாதி ஆழம்கூட இறங்கவில்லை, பட்டை விறைப்பாக நின்றது, படகு எழும்பவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டார். அந்த அரை விரலுக்காக அறுவை சிகிச்சை தேவையா என்று கேட்டார். இல்லை. ஓராண்டு ஒழுங்காகப் பயிற்சி செய்தும் அகலமாகவும் தொய்வாகவும் நின்று, தூக்கவோ நிமிரவோ முடியாமல் இருந்தால், இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவானபின் மட்டுமே அந்தப் பேச்சு.

குடலிறக்கம் இருந்த நான்காவது பெண்ணை அறுவை சிகிச்சை மருத்துவரிடம் அனுப்பினேன். நெல்லிக்காய் அளவு, வலியில்லை, எளிதில் உள்ளே போனது. இன்னொரு குழந்தைக்குத் திட்டம் இருப்பதால் அதுவரை கவனித்துக்கொள்ளலாம் என்றார் அவர். வலித்தாலோ உள்ளே போக மறுத்தாலோ காத்திருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.