வரைபடம் இல்லாத பங்கின் முதல் வாரங்கள்

புதிதாகப் பட்டியலிடப்பட்ட ஒரு பங்கைப் பற்றி என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கைபேசித் திரையையும் காட்டுவார்கள். ஐந்தாறு கோடுகள் மட்டுமே உள்ள வரைபடம் அது. ஆனாலும் ஏதோ ஒரு செயலி அதன் மேல் வாங்கு, விற்பனை செய் என்று குறியிட்டிருக்கும். இருபது நாள் சராசரி பார்க்க இருபது நாள் வேண்டும். ஐந்து நாளே வயதுள்ள பங்கில் அந்தக் குறிகளுக்குப் பொருளில்லை.

கல்லடியில் இருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டார்: "தம்பி, பத்து ரூபாய்க்கு வெளியிட்ட பங்கு. பதின்மூன்று வரை போய்விட்டு இப்போது பத்தரைக்கு வந்திருக்கிறது. பத்துக்குக் கீழே போகாதுதானே?"

"போகலாம் ரீச்சர்" என்றேன். வெளியீட்டு விலை என்பது கம்பனியும் வெளியீட்டு முகாமையாளரும் சேர்ந்து நிர்ணயித்த விலை. அந்த விலையில் சந்தையில் வாங்கிக்கொள்ள யாரும் கடமைப்பட்டிருக்கவில்லை. பத்து ரூபாய் வேறொரு வகையில்தான் முக்கியம்: வெளியீட்டில் விண்ணப்பித்துப் பங்கு ஒதுக்கீடு பெற்றவர்களுக்கு இலாபம் முடிகிற இடம் அது. பங்கு அதற்குக் கீழே இறங்கினால் அவர்களில் ஒரு பகுதியினர் பயந்து விற்பார்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதல் நாளில் இருந்து கைமாறிய பங்குகளின் சராசரி விலையைப் பாருங்கள். இதற்கு மென்பொருள் தேவையில்லை. கொழும்பு பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் ஒவ்வொரு பங்குக்கும் அன்று கைமாறிய எண்ணிக்கையும், அதற்குக் கைமாறிய மொத்தப் பணமான ரூபாய்ப் புரள்வும் இருக்கும். இரண்டையும் நாள்தோறும் கொப்பியில் எழுதிக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தப் புரள்வை மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வந்துவிடும்.

ரீச்சருக்கு நான் முழு எண்களில் போட்டுக் காட்டிய கணக்கு இது. பொதுமக்களுக்கு வழங்கிய பங்குகள் 100 மில்லியன், விலை 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் 40 மில்லியன் பங்குகள் கைமாறுகின்றன, புரள்வு 520 மில்லியன் ரூபாய், சராசரி 13. மறுநாள் 20 மில்லியன் பங்குகள், 240 மில்லியன் ரூபாய். இப்போது மொத்தம் 60 மில்லியனுக்கு 760, சராசரி 12.67. அடுத்த நாட்களில் இன்னும் 40 மில்லியன் பங்குகள் 425 மில்லியன் ரூபாய்க்குப் போகின்றன. மொத்தம் 100 மில்லியனுக்கு 1,185. சராசரி 11.85. சந்தை விலையோ 10.50.

பட்டியலிட்ட பிறகு சந்தையில் வாங்கியவர்கள் சராசரியாக ஒரு ரூபாய் முப்பத்தைந்து சதம் நட்டத்தில் நிற்கிறார்கள் என்பதே இதன் பொருள். விலை 11.85ஐ நெருங்கும்போதெல்லாம் "போட்ட காசு வந்தால் போதும்" என்று விற்க ஒரு கூட்டம் காத்திருக்கிறது. பத்தரையில் வாங்குகிறவர் அந்தக் கூட்டத்தைத் தாண்டித்தான் இலாபம் பார்க்க வேண்டும்.

அடுத்ததாகக் கூட்டிய எண்ணிக்கையை, வழங்கிய பங்குகளோடு ஒப்பிடுங்கள். முதல் நாள் விற்பனையில் பெரும்பகுதி, உடனே விற்பதற்கென்றே விண்ணப்பித்தவர்களுடையது. கடன் வாங்கி விண்ணப்பித்தவர்களும் அதில் இருப்பார்கள். அவர்கள் வெளியேறும்வரை விலை அழுத்தத்தில் இருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நம் உதாரணத்தில் 100 மில்லியன் கைமாறியதால் எல்லாப் பங்கும் புதியவர்களிடம் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஒரே பங்கு ஒரே நாளில் மூன்று தடவை கைமாறக்கூடும். எனவே அந்த எண்ணை மட்டும் நம்பாமல், நாளாந்த எண்ணிக்கை வற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். 40 மில்லியனில் தொடங்கியது 2 மில்லியனுக்கு இறங்கி, விலையும் புதிய தாழ்வு காணாமல் சில நாட்கள் நின்றால், அவசரமாக விற்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று கொள்ளலாம். அதன் பிறகு எண்ணிக்கை கூடி, விலை சராசரிக்கு மேல் முடிந்து, அங்கேயே தங்கினால் அது கவனிக்கத் தக்க மாற்றம். எண்ணிக்கை வற்றிய பிறகும் விலை மெல்ல மெல்ல வழுக்கினால் வாங்க ஆளில்லை என்று அர்த்தம். அதை மலிவு என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்த முறை சில வாரங்களுக்குத்தான் உதவும். பிறகு கம்பனியின் முதல் காலாண்டுக் கணக்கு வரும். காலாண்டு முடிந்து பொதுவாக 45 நாட்களுக்குள் அதை வெளியிட வேண்டும். பங்கு வெளியீட்டின்போது கம்பனி தரும் விவர ஏடான புரொஸ்பெக்டஸில் எதிர்வுகூறல் இருந்தால், அதற்குப் பக்கத்தில் அதை வைத்துப் படித்தால், வரைபடம் சொல்லாத பலதும் தெரியும்.

அதே புரொஸ்பெக்டஸில் இன்னொரு திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளியீட்டுக்கு முன்பே பங்கு வைத்திருந்தவர்களில் சிலர் குறிப்பிட்ட காலம்வரை விற்க முடியாது. அந்தத் தடை எப்போது முடிகிறது, எத்தனை பங்குகள் விடுபடுகின்றன, அவர்கள் வாங்கிய விலை என்ன என்பதைத் தேடிப் படியுங்கள். நான்கு ரூபாய்க்கு வாங்கியவருக்குப் பத்தரை நல்ல விலை. விடுபடும் பங்குகள் நாளாந்தம் கைமாறுவதைப் போலப் பல மடங்கு என்றால், அந்தத் திகதிக்கு முந்திய வாரத்தில் புதிதாக வாங்குவதை நான் தடுத்துவிடுவேன்.