"இன்னும் 5 பை மட்டுமே" என்று எழுதுவதற்கு முன்

திருவாரூர், மன்னார்குடி பக்கம் பாரம்பரிய அரிசி விற்பவர்கள் பலர் இப்போது சொந்தமாக இணையக் கடை வைத்திருக்கிறார்கள். அந்தக் கடைகளை அமைத்துக் கொடுப்பது என் தொழில். கடை தயாரானதும் பெரும்பாலும் வரும் கேள்வி இது: "தம்பி, நேரம் குறைஞ்சுக்கிட்டே ஓடுற கடிகாரம் ஒண்ணு போடுவாங்களே, அதை நம்ம பக்கத்துலயும் போட முடியுமா?"

போடலாம். ஆனால் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: அது பூஜ்யத்துக்கு வந்தால் என்ன நடக்கும்? விலை கூடுமா, சரக்கு தீருமா, வண்டி கிளம்பிவிடுமா? "ஒண்ணும் ஆகாது, மறுபடி ஓடும்" என்று பதில் வந்தால் அது கடிகாரமே இல்லை, வெறும் மிரட்டல்.

பொய்க் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் வாங்குகிறவர்களுக்கும் உதவும். அதன் உள்ளே இருப்பது அநேகமாக இந்த ஒரு வரிதான்:

```js
const end = Date.now() + 15 * 60 * 1000;
```

நீங்கள் பக்கத்தைத் திறக்கும் நொடியிலிருந்து 15 நிமிடம் என்று இதற்கு அர்த்தம். காலையில் நீங்கள் பார்த்தாலும் 15 நிமிடம், ராத்திரி உங்கள் மாமா பார்த்தாலும் 15 நிமிடம். நிஜமான கெடு இருந்தால் வரி வேறு மாதிரி இருக்கும்:

```js
const end = new Date("2026-01-09T16:00:00+05:30");
```

ஜனவரி 9, மாலை 4 மணி. எல்லோருக்கும் ஒரே நேரம், ஒருமுறைதான் வரும். குறியீடு படிக்கத் தெரியாதவர்களும் இதைக் கண்டுபிடித்துவிடலாம். அதே பக்கத்தைச் சில நிமிடம் கழித்து இன்னொரு போனில் திறந்து பாருங்கள். இரண்டு போனிலும் மிச்ச நேரம் வேறுவேறாக இருந்தாலோ, மறுநாள் வந்தபோது கணக்கு முதலிலிருந்து தொடங்கினாலோ அது பொய். (ஆவணி பிறந்த பிறகும் ஆடித் தள்ளுபடி ஓடும் கடைவீதிகளில் வளர்ந்த நமக்கு இது புதிதில்லைதான்.)

கடிகாரத்தைவிடச் சிக்கலானது "சில பைகளே மிச்சம்" என்ற வரி. இதில் பொய் சொல்லவேண்டும் என்று நினைக்காதவர்கள்கூடப் பொய்யில் போய் நிற்பார்கள். ஒரு கடையின் கணக்கைப் பார்ப்போம்.

அந்தக் கடைக்காரர் விற்பது மாப்பிள்ளை சம்பா. நீண்ட நாள் பயிர், வருடத்துக்கு ஒரு அறுவடைதான். தை, மாசியில் களத்துக்கு வரும் நெல்லைத்தான் அடுத்த அறுவடை வரை அரைத்து அரைத்து விற்கவேண்டும். ஆகவே கார்த்திகை, மார்கழியில் சரக்கு உண்மையிலேயே குறைந்துவிடும். அப்படி ஒரு டிசம்பரில் அவர் கடையில் 5 கிலோ பைகள் ஐந்து இருந்தன. "5 மட்டுமே மிச்சம்னு போட்டுடலாமா?" என்றார்.

குடோனில் அரைக்காத நெல் 10 மூட்டை இருந்தது. 60 கிலோ மூட்டைக்கு அரிசி ஏறக்குறைய 36 கிலோ தேறும் என்பது அவர் வைத்திருக்கும் கணக்கு. அப்படியானால் 360 கிலோ. ஒரு கல்யாணத்துக்கு 120 கிலோ தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார், அது போனால் 240. ஐந்து கிலோ பையாகக் கட்டினால் 48 பை. கட்டிவைத்த ஐந்தையும் சேர்த்து 53. மில்லுக்கு அனுப்பினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் அரிசியை மறைத்து "5 மட்டுமே" என்றால் அது பொய். ஐந்து என்று எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் "இப்போது கட்டிவைத்தது 5 பை, அடுத்தது அரைத்து வர மூன்று நாள்" என்று முழுதாக எழுதவேண்டும்.

இதிலேயே இன்னொரு வழி உண்டு. 53 பையில் 10 பையை மட்டும் இணையத்துக்கு ஒதுக்கிவிட்டு "10 மட்டுமே" என்பது. ஒதுக்கியது நிஜம்தானே என்பார்கள். அந்தப் பத்து தீர்ந்ததும் இன்னொரு பத்து ஏற்றுவதாக இருந்தால் அது ஒதுக்கீடு இல்லை.

சட்டமும் இதைத்தான் பார்க்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று டார்க் பேட்டர்ன்ஸ் எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிரான வழிகாட்டு நெறிமுறைகளை அறிவித்தது. அதன் பட்டியலில் உள்ள 13 வகைகளில் முதலாவது பொய்யான அவசரம். இருப்பதைவிடக் குறைவாகச் சரக்கு இருப்பதாகக் காட்டுவதும், இல்லாத கூட்டம் இருப்பதாகக் காட்டுவதும் அதில் வரும். "இப்போது 30 பேர் பார்க்கிறார்கள்" என்று எழும்பும் சின்னப் பெட்டி அந்த இரண்டாவது ரகம். பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் என்று இல்லை, விற்பவர்களுக்கும் விளம்பரம் செய்பவர்களுக்கும் பொருந்தும்.

சரி, எண்ணை உண்மையாக வைத்துக்கொள்வது எப்படி? இணையக் கடை நடத்த உதவும் WooCommerce மென்பொருளில் அமைத்த கடையாக இருந்தால் Settings பகுதியில் Products, அதற்குள் Inventory போங்கள். Stock display format என்ற இடத்தில் `Only show quantity remaining in stock when low` என்பதைத் தேர்ந்தெடுத்தால், சரக்கு நீங்கள் குறித்த அளவுக்கு இறங்கும்போது மட்டும் மிச்ச எண்ணிக்கை தெரியும். அந்த அளவு Low stock threshold. நாம் மாற்றாவிட்டால் 2 என்று இருக்கும். இந்த அரிசிக்கு 10 என்று வைத்தோம். எண்ணை நாம் கையால் எழுதுவதில்லை, விற்க விற்க அதுவாக இறங்கும்.

ஆனால் அதற்கு இணையத்தில் விற்றது மட்டும்தான் தெரியும். அதே குடோனிலிருந்து வாட்ஸ்அப்பில் எட்டு பை, வாசலில் வந்து வாங்கியவருக்கு நான்கு பை போயிருந்தால், திரையில் இருக்கும் எண் பழைய எண். தினமும் சாயங்காலம் வெளியே விற்றதைக் கழித்து எழுத ஒரு ஆள் வேண்டும். இல்லையென்றால் எண்ணே காட்டாதீர்கள். `Never show quantity remaining in stock` என்ற தேர்வு அதற்குத்தான்.

எண் இல்லாமல் அந்தக் கடை கடைசியில் எழுதியது இது: "போன அறுவடை நெல் முடியப்போகிறது. புது அரிசி பிப்ரவரி கடைசியில் வரும். புது அரிசி சீக்கிரம் குழையும். பழைய அரிசிதான் வேண்டும் என்பவர்கள் இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள்." பிப்ரவரி என்று சொன்னால் எல்லோரும் காத்திருப்பார்களே என்று அவருக்குப் பயம். சிலர் காத்திருக்கத்தான் செய்வார்கள். கஞ்சிக்கு வாங்குகிறவருக்குப் புது அரிசி போதும், அவரை இப்போது அவசரப்படுத்துவதற்குக் காரணமே இல்லை. சாதத்துக்குப் பழையது தேடுகிறவருக்கு அந்த வரிகளில் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்து பொய் அவசரத்தில் இல்லாதது இந்த ஒன்றுதான்: காத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதை அது சொல்லாது.

கடிகாரமும் போட்டோம், பொங்கலுக்கு. மேலே காட்டிய ஜனவரி 9, மாலை 4 மணி அதுதான். ஊரில் கூரியர் வண்டி அந்த நேரத்தில் எடுத்தால்தான் பொங்கலுக்குள் சென்னை, கோவைக்குச் சேரும் என்பது ஏஜென்ட் கொடுத்த கெடு. பூஜ்யத்துக்கு வந்ததும் கடிகாரம் மறைந்து, "இனி ஆர்டர் செய்தால் பொங்கலுக்குப் பிறகே வரும்" என்ற வரி அந்த இடத்துக்கு வந்துவிடும். விலை அதேதான், ஆர்டரும் எடுக்கப்படும். நான்கரை மணிக்கு ஒருவர் போன் செய்து "எப்படியாவது இன்னிக்கே அனுப்புங்க" என்றால் முடியாது என்று சொல்லவேண்டியிருக்கும், அதையும் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்தேன். பை தீர்ந்த பிறகு பக்கத்தை எடுத்துவிடவில்லை. "தீர்ந்துவிட்டது" என்று போட்டு, புது அரிசி வந்ததும் தகவல் வேண்டுவோர் போன் எண் கொடுக்க ஒரு பெட்டி மட்டும் வைத்தோம்.