கட்டாயப் பயிற்சி நோட்டீஸ்: தேதியைக் கடைசியிலிருந்து எண்ணுங்கள்

நான் ஒரு நிறுவனத்தில் கம்ப்ளையன்ஸ் பயிற்சிகளை, அதாவது விதிகள் கட்டாயமாக்கிய பயிற்சிகளை, ஏற்பாடு செய்யும் வேலையில் இருக்கிறேன். வருடா வருடம் பயிற்சி நடக்கும், அதற்கு ஒரு மெயில் போகும். முன்பு வேலை செய்த இடத்தில் நான் அனுப்பிய மெயிலில் மூன்று வரிதான் இருந்தது. "ஜூன் 9, காலை 10.30 மணிக்குத் தகவல் பாதுகாப்புப் பயிற்சி. அனைவரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். வர இயலாதவர்களுக்கு ஜூன் 17 அன்று மாற்று வகுப்பு நடைபெறும்." அனுப்பிய அன்று அதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை.

மொத்தம் 86 பேர். ஜூன் 9 அன்று 67 பேர் வந்தார்கள், மீதி 19 பேர் ஜூன் 17 அன்று வந்தார்கள். ஒருவர்கூட விடுபடவில்லை என்று கோப்பை மூடிவிட்டேன். சில மாதம் கழித்து ஆடிட்டுக்கு வந்தவர் இரண்டு வருடத்து வருகைத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த 19 பேரும் முந்தைய வருடம் ஜூன் 12 அன்று பயிற்சி எடுத்தவர்கள். ஆளுக்கு ஐந்து நாள் தாண்டியிருந்தது.

எங்களுக்கு அந்தப் பயிற்சி கட்டாயமானது கார்டு பணப்பரிமாற்றம் செய்யும் இடங்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதியால். வேலையில் சேரும்போது ஒரு முறை, அப்புறம் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது பயிற்சி தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த 12 மாதம் என்பது 365 நாள் (லீப் வருடமானால் 366), அல்லது ஒவ்வொரு வருடமும் அதே தேதி. 'இந்த வருடத்துக்குள் எப்போதாவது' என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். கெடு ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக, அவர் கடைசியாகப் பயிற்சி எடுத்த நாளிலிருந்து ஓடுகிறது. நான் வைத்த மாற்று நாளே கெடுவுக்கு வெளியில் இருந்தது. மாற்று நாள் என்று சொல்லி 19 பேரைத் தவறுக்குள் அழைத்துப் போனது நான்தான்.

அதற்குப் பிறகு எந்தப் பயிற்சியானாலும் நோட்டீஸ் எழுதுவதற்கு முன் ஒரு பட்டியல் போடுகிறேன். பெயர், கடைசியாகப் பயிற்சி எடுத்த தேதி, கெடு முடியும் தேதி. அதில் யாருக்கு முதலில் முடிகிறதோ அந்த நாள்தான் எல்லாருக்கும் எல்லை. அடுத்த வருடம் அது ஜூன் 9 ஆக வந்தது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினேன். தொடர்பு அறுந்துபோவது, பயிற்றுநருக்கு உடம்பு சரியில்லாமல் போவது மாதிரியான காரியங்களுக்கு ஒரு வாரம் விட்டேன். ஆக, கடைசி வகுப்பு ஜூன் 2. அதற்கு முந்தைய மாற்று வகுப்பு மே 26. முதல் வகுப்பு மே 12, செவ்வாய். நான்கு வாரம் முன்னால் தொடங்குகிறோமே என்று மேனேஜர்கள் கேட்டார்கள். 19 பெயர்கள் இருந்த ஆடிட் குறிப்பைக் காட்டினேன், அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

மாற்று நாள் யாருக்காக என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். அந்த 19 பேரில் 11 பேர் இரவு ஷிஃப்ட். 5 பேர் முன்பே எழுதிக் கொடுத்து லீவில் இருந்தவர்கள். மூன்றே பேர்தான் அவசர வேலையில் மாட்டிக்கொண்டவர்கள். இரவு முழுவதும் வேலை பார்த்தவர்களுக்கு நான் வைத்த முதல் வகுப்பு காலை 10.30, மாற்று வகுப்பு காலை 11. முதல் வகுப்புக்கு அவர்களால் வர முடியாது என்பது ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். மாற்று வகுப்புக்குத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அந்த அறையில் பயிற்றுநர் கேள்வி கேட்டபோது நிலவிய மௌனம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பயிற்சி நேரம் வேலை நேரம்தான். அதை ஒருவருடைய ஓய்விலிருந்து எடுக்கக் கூடாது என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

அதனால் அடுத்த வருடம் இரவு ஷிஃப்டுக்கு வகுப்பை அவர்கள் ஷிஃப்டுக்குள்ளேயே வைத்தோம். எல்லாரையும் ஒரே நேரத்தில் வேலையிலிருந்து எழுப்பினால் வேலை நின்றுவிடும். எனவே மே 20 இரவு 6 பேர், மே 21 இரவு 5 பேர். பயிற்றுநர் இரண்டு இரவு வந்தார். இதை மாற்று வகுப்பு என்று சொல்லாமல், அவர்களுக்கான முதல் வகுப்பு என்றே நோட்டீஸில் போட்டோம்.

அடுத்தது வருகை விதி. "கட்டாயம் வர வேண்டும்" என்று எழுதினால் போதாது, எது வருகை என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த முடிவை வாசலில் கையெழுத்துத் தாளோடு நிற்பவர் எடுக்க வேண்டி வரும். பழைய வகுப்பில் 10.30-க்குத் தொடங்கியதற்கு 10.52-க்கு இணையத்தில் இணைந்த ஒருவருக்கும் நான் வருகை போட்டேன். சந்தேகமான சம்பவத்தை யாரிடம், எவ்வளவு நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது முதல் 15 நிமிடத்தில் சொல்லப்பட்டது. அவர் கேட்காமல் விட்டது அதைத்தான்.

இப்போது 90 நிமிட வகுப்புக்கு விதி இப்படி. தொடங்கி 10 நிமிடம் வரை உள்ளே வரலாம். அதற்கு மேல் தாமதமானாலும், நடுவில் மொத்தம் 10 நிமிடத்துக்கு மேல் வெளியே போனாலும், அந்த வகுப்பு கணக்கில் வராது. மாற்று வகுப்பை முழுதாக எடுக்க வேண்டும், விட்ட பகுதிக்கு மட்டும் வந்துவிட்டுப் போக முடியாது. கையெழுத்து நுழையும்போது ஒன்று, வெளியேறும்போது ஒன்று. ஒரே தாள் அறைக்குள் சுற்றி வந்தால் பக்கத்து ஆளுக்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் இல்லை, நண்பர் வந்துகொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான். அதனால் தாள் வாசல் மேசையை விட்டு நகர்வதில்லை.

இணையத்தில் வருபவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். வகுப்பு முடிந்ததும் கிடைக்கும் வருகை அறிக்கையில் இணைந்த நேரம், விலகிய நேரம், மொத்த நிமிடம் இருக்கும். இணைப்பு அறுந்து திரும்ப வந்தவருக்கு இரண்டு மூன்று வரி இருக்கும், அவற்றைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். முதல் வரியை மட்டும் பார்த்து ஒருவரைத் தவறாக மாற்று வகுப்புக்கு அனுப்பியிருக்கிறேன், அவர் 85 நிமிடம் இருந்தவர். ஃபோன் மாடல் பெயரில் இணைந்தவர் யாரென்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. ஒரே திரையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் அறிக்கையில் ஒருவர்தான் இருப்பார். இந்த இரண்டையும் நோட்டீஸிலேயே சொல்லிவிட்டால் பிறகு வாக்குவாதம் வராது. கடைசியில் 10 கேள்வி வைக்கிறோம். ஒவ்வொருவரும் தன் பெயரில் எழுதித் தருவதால் உட்கார்ந்திருந்தாரா என்பதோடு, கவனித்தாரா என்பதும் கொஞ்சம் தெரிகிறது.

பதிவு செய்த வீடியோவை அனுப்பிவிடலாமே என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். பயிற்சியைக் கட்டாயமாக்கிய விதியைப் பொறுத்துத்தான் பதில். உதாரணமாக, அமெரிக்காவில் இரத்தம் வழியே பரவும் கிருமிகள் குறித்த பணியிட விதி, பயிற்சி தருபவரிடம் நேரடியாகக் கேள்வி கேட்கும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் வீடியோ மட்டும் போதாது. விதியில் அந்த மாதிரி இல்லாவிட்டாலும் கடைசி வகுப்பையும் தவறவிட்டவருக்கு மட்டும்தான் நான் வீடியோவை யோசிப்பேன், அதையும் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து.

நீண்ட லீவில் இருப்பவர்களைத் தனியாக எழுத வேண்டும். பிரசவ லீவிலோ சிகிச்சையிலோ இருப்பவரை வகுப்புக்குக் கூப்பிடக் கூடாது. அவருடைய லாகின் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும், திரும்பி வந்த அன்று பயிற்சி முடித்த பிறகே திறக்கப்படும் என்று ஒரு வரி போதும். மாற்று வகுப்புகளையும் காரணமில்லாமல் தவறவிட்டவருக்கும் இதே நடவடிக்கைதான் பொருத்தம் என்பது என் கருத்து. பயிற்சி இல்லாமல் கார்டு தகவலைத் தொடக் கூடாது, அதனால் அணுகலை நிறுத்துகிறோம். சம்பளத்தில் கை வைத்தால் தண்டனையாகிவிடும், கெடுவும் சரியாகாது.

இரண்டாவது வருடம் பகல் ஷிஃப்டில் இருந்தவர்களுக்கு அனுப்பிய நோட்டீஸ் இது:

"தகவல் பாதுகாப்புப் பயிற்சி, மே 12 செவ்வாய், காலை 10.30 முதல் 12 வரை. இது வேலை நேரமாகக் கணக்கிடப்படும். உங்களுடைய கெடு ஜூன் 9-க்குள் முடிகிறது. 10.40-க்குப் பிறகு வருபவர்களுக்கும், நடுவில் 10 நிமிடத்துக்கு மேல் வெளியே செல்பவர்களுக்கும் வருகை பதிவாகாது. நுழையும்போதும் வெளியேறும்போதும் கையெழுத்திடவும். இணையத்தில் வருபவர்கள் முழுப் பெயரில், ஆளுக்கொரு திரையில் இணையவும். மே 12 அன்று லீவில் இருப்பவர்களும், மேனேஜர் எழுத்தில் விடுவித்தவர்களும் மே 26 காலை 10.30 வகுப்புக்கு வரவும். கடைசி வாய்ப்பு ஜூன் 2, பிற்பகல் 3 மணி. அதற்குப் பிறகு, பயிற்சி முடிக்கும் வரை கார்டு தகவல் லாகின் நிறுத்தப்படும். மாற்று நாள் வேண்டுவோர் மே 8-க்குள் இந்த மெயிலுக்குப் பதில் எழுதவும்."

'மேனேஜர் எழுத்தில்' என்று போட்டதற்குக் காரணம் உண்டு. "ரெண்டு நிமிஷம் வந்துட்டுப் போ" என்று வகுப்பிலிருந்து கூப்பிடுவது பெரும்பாலும் மேனேஜர்கள்தான். எழுதித் தர வேண்டும் என்றதும் அந்த அழைப்புகள் மிகவும் குறைந்துவிட்டன.

மே 12 அன்று 66 பேர் முழுதாக முடித்தார்கள். மூன்று பேர் 10.40 தாண்டி வந்தார்கள். ஒருவர் வாசலில் 10.43-க்கு நின்றார், என்னோடு தினமும் சாப்பிடுபவர். உள்ளே உட்காரச் சொன்னேன், வருகை மே 26-க்குத்தான் என்றும் சொன்னேன். அன்று கோபமாகத்தான் போனார், ஆனால் மே 26 அன்று 10.20-க்கே வந்துவிட்டார். இரவு வகுப்புகளில் 10 பேர், மே 26 அன்று 8 பேர், ஜூன் 2 அன்று ஒருவர். மொத்தம் 85.

மீதி ஒருவர் பிரசவ லீவில் இருந்தார். அடுத்த ஆடிட்டில் பார்த்ததும் கேட்கப்பட்ட முதல் பெயர் அவருடையதுதான். லாகின் நிறுத்திய தேதி, அவர் திரும்பி வந்த தேதி, அன்று காலையே பயிற்சி முடித்துக் கையெழுத்திட்ட தாள், மதியம் லாகின் திறந்த பதிவு, நான்கையும் எடுத்து வைத்தேன். பார்த்துவிட்டு ஆடிட்டர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.