வங்கி வக்கீலின் ஒபினியனை நம்பி வீடு வாங்கினால் நஷ்டம் யாருக்கு?

"பேங்க்லயே லோன் குடுத்துட்டாங்க சார், அப்புறம் பத்திரத்துல என்ன வில்லங்கம் இருக்கப்போகுது?" சொத்து வழக்குகள் பார்க்கும் எந்த வக்கீலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு மாதம் கழிக்க முடியாது. வங்கியின் பேனல் வக்கீல் பத்திரங்களைப் பார்த்து, உரிமை தெளிவாக இருக்கிறது என்று ஒபினியன் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்கான கட்டணமும் கடன் வாங்குபவரின் கணக்கிலிருந்துதான் போயிருக்கிறது. அப்படியானால் அவர் தவறாகச் சொல்லியிருந்தால் நமக்கு நஷ்டஈடு தரவேண்டியதுதானே என்று மக்கள் நினைக்கிறார்கள். நியாயமான எண்ணம்தான். ஆனால் சட்டம் இந்த இடத்தில் நிறையவே தயங்குகிறது.

அடிக்கடி வரும் ஒரு வகையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒருவர் 48 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்குகிறார், அதில் 35 லட்சம் வங்கிக் கடன். வீடு விற்றவர்களுடைய அப்பா சுயமாகச் சம்பாதித்தது. அம்மா முன்பே இறந்துவிட்டார், அப்பா உயில் எழுதாமல் இறந்தார். மகன்கள் இருவரும் பட்டாவைத் தங்கள் பெயருக்கு மாற்றி விற்றுவிட்டார்கள். கட்டிக்கொடுத்த மகள் ஒருத்தி இருப்பது பத்திரத்தில் எங்குமே இல்லை. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும், விட்டுப்போன வாரிசு வரமாட்டார். பேனல் வக்கீல் வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்காமலேயே "தெளிவான, விற்பனைக்குரிய உரிமை" என்று எழுதிவிட்டார். மூன்று வருடம் கழித்து அந்த மகள் பாகப்பிரிவினை வழக்குப் போடுகிறார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு அவருடையது. அதாவது வாங்கிய விலையில் 16 லட்சம்.

இப்போது யாருக்கு என்ன நஷ்டம் என்று பாருங்கள். வீட்டில் ஒரு செங்கல்கூட உடையவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. வாங்கியவரின் பணம் மட்டும் போயிற்று. மாதத் தவணை ஒழுங்காக வருகிறவரை வங்கிக்கு உடனடி இழப்பு எதுவும் இல்லை. ஒபினியன் யாருக்காக எழுதப்பட்டதோ அவர் தப்பித்துக்கொள்ள, அதில் பெயரே இல்லாதவர் மாட்டிக்கொள்கிறார்.

உடலுக்கோ பொருளுக்கோ சேதமில்லாமல் பணம் மட்டும் போகும் இந்த வகையைத்தான் சட்டத்தில் வெறும் பண இழப்பு என்கிறோம். ஒப்பந்தத்தின் கீழ் இதைக் கேட்கலாம், தடையில்லை. ஒப்பந்தமே இல்லாத ஒருவர்மீது, அலட்சியம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லிக் கேட்கும்போதுதான் நீதிமன்றம் தயங்குகிறது.

அந்தத் தயக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு 1969-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் நடந்த ஒரு விபத்தைப் பார்க்கலாம். சாலை தோண்டிய ஒப்பந்ததாரரின் ஆட்கள் மின்சாரக் கேபிளை அறுத்துவிட்டார்கள். ஸ்பார்ட்டன் ஸ்டீல் என்ற ஆலைக்குப் பதினான்கரை மணி நேரம் மின்சாரம் இல்லை. உலையில் உருகிக்கொண்டிருந்த உலோகம் கெட்டுவிடக்கூடாதென்று வெளியே எடுத்ததில் அதன் மதிப்பு 368 பவுண்டு குறைந்தது. அது ஒழுங்காக உருகி முடிந்திருந்தால் 400 பவுண்டு லாபம் வந்திருக்கும். மின்சாரம் இருந்திருந்தால் இன்னும் நான்கு முறை உருக்கியிருக்கலாம், அதில் 1,767 பவுண்டு லாபம் போயிற்று. அலட்சியம் ஒன்று, கேபிள் ஒன்று, ஆலையும் ஒன்றுதான். மேல்முறையீட்டு நீதிமன்றம் முதல் இரண்டு தொகைகளைக் கொடுத்தது, மூன்றாவதை மறுத்தது. முதல் இரண்டும் கெட்டுப்போன ஒரு பொருளோடு ஒட்டியவை, மூன்றாவது எந்தப் பொருளோடும் ஒட்டாத வெறும் பணம். மூன்று நீதிபதிகளில் ஒருவர் இதை ஏற்கவில்லை, முழுத் தொகையையும் கொடுத்திருக்க வேண்டும் என்றார். படிக்கும்போது எனக்கும் அவர் பக்கம் மனம் சாயும். ஆனாலும் பெரும்பான்மையில் இருந்த டென்னிங் பிரபு சொன்ன காரணத்தைத் தள்ளிவிட முடியாது. மின்சாரம் போனால் அந்தப் பகுதியில் எத்தனை ஆலை, எத்தனை கடை, எத்தனை அலுவலகம்? ஒரு கேபிளை அறுத்தவன்மீது அத்தனை பேரின் கணக்கையும் ஏற்ற முடியாது. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் தாங்கிக்கொள்வதே மேல் என்றார்.

அடிபட்ட உடலுக்கும் உடைந்த சுவருக்கும் ஓர் எல்லை உண்டு. பண நஷ்டம் அப்படியில்லை, ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். 1931-ல் நியூயார்க்கில் தணிக்கையாளர்கள் மீதான வழக்கொன்றில் நீதிபதி கார்டோசோ இந்தப் பயத்தைத்தான் சொன்னார்: எவ்வளவு தொகை, எவ்வளவு காலம், எத்தனை பேருக்கு என்ற வரையறையே இல்லாத பொறுப்பு. வாய்ச்சொல்லிலும் எழுத்திலும் இந்தப் பயம் இன்னும் கூடுகிறது. கேபிள் ஓரிடத்தில்தான் அறும். ஒரு ஒபினியனை நகலெடுத்து யார் யாரிடமோ காட்டலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. பணத்தைப் பாதுகாக்கவே ஒப்பந்தம் என்ற ஏற்பாடு இருக்கிறது. வேண்டியவர் கட்டணம் கொடுத்து, உத்தரவாதம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்காதவருக்கு நீதிமன்றமே உட்கார்ந்து புது ஒப்பந்தம் எழுதித்தர வேண்டுமா என்று நீதிபதிகள் கேட்கிறார்கள்.

இந்தக் கதவை முதலில் கொஞ்சம் திறந்தது 1963-ல் இங்கிலாந்தின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் அவை கொடுத்த ஹெட்லி பர்ன் தீர்ப்பு. ஹெட்லி பர்ன் ஒரு விளம்பர நிறுவனம். ஈஸிபவர் என்ற கம்பெனிக்காகத் தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் விளம்பர இடம் பதிவு செய்தது. ஈஸிபவர் பணம் கட்டாவிட்டால் இவர்களே கட்டவேண்டும் என்பது ஏற்பாடு. சந்தேகம் வரவே, தங்கள் வங்கி மூலம் ஈஸிபவரின் வங்கியான ஹெல்லரிடம் விசாரித்தார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பவுண்டு ஒப்பந்தத்துக்கு நம்பலாமா என்பது கேள்வி. "எங்கள் பொறுப்பின்றி" என்று தலைப்பில் குறித்துவிட்டு, வழக்கமான வியாபாரத்துக்கு நல்ல கம்பெனிதான், ஆனால் நீங்கள் சொல்லும் தொகை நாங்கள் வழக்கமாகப் பார்ப்பதைவிடப் பெரியது என்று ஹெல்லர் பதில் எழுதியது. ஈஸிபவர் திவாலானது. ஹெட்லி பர்னுக்கு 17,000 பவுண்டுக்கு மேல் நஷ்டம்.

ஹெட்லி பர்ன் வழக்கில் தோற்றது. ஆனால் தோற்ற வழக்கில்தான் புதிய விதி பிறந்தது. தனித் திறமையோ தகவலோ உள்ள ஒருவர், எதிரிலிருப்பவர் தன் சொல்லை நம்பித்தான் காரியம் செய்யப்போகிறார் என்று தெரிந்து பதில் சொன்னால், ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், கட்டணம் வாங்காவிட்டாலும், கவனமாகச் சொல்லும் கடமை பிறக்கலாம் என்றது அவை. ரீட் பிரபு மூன்று வழி சொன்னார்: பதில் சொல்லாமல் இருக்கலாம், பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் பதில் தரலாம், எதுவும் சொல்லாமல் பதில் தரலாம். மூன்றாவது வழியில் போனால்தான் பொறுப்பு. ஹெல்லர் போனது இரண்டாவது வழி. அந்த ஒரு வாசகம் 17,000 பவுண்டைக் காப்பாற்றிக் கொடுத்தது.

நம் வீடு வாங்கியவருக்கு நெருக்கமான வழக்கு 1989-ல் வந்தது. இங்கிலாந்தின் நார்விச்சில் ஒரு பெண்மணி சிறிய வீடு வாங்கக் கடன் கேட்டார். கடன் தரும் சங்கம் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பியது, கட்டணம் 36.89 பவுண்டை அந்தப் பெண்மணி கட்டினார். பெரிய பழுது எதுவும் தேவையில்லை என்ற அறிக்கையின் நகல் அவர் கைக்கும் வந்தது. கீழே, புகைப்போக்கியைத் தாங்கிய சுவரை யாரோ முன்பே எடுத்திருந்தார்கள். பரணில் மிச்சப் பகுதி தாங்கலின்றி நின்றதை மதிப்பீட்டாளர் கவனிக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் அது படுக்கையறைக் கூரையைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. அறிக்கை கடன் சங்கத்துக்கு, எங்களுக்குப் பொறுப்பில்லை என்ற வாசகமும் இருந்தது. ஆனாலும் அவர் ஜெயித்தார். சாதாரண வீடு வாங்குபவர் இன்னொரு மதிப்பீட்டுக்குப் பணம் செலவழிக்க மாட்டார், இந்த அறிக்கையை நம்பித்தான் வாங்குவார் என்பது மதிப்பீட்டாளருக்கே தெரியும் என்றது அவை. பொறுப்புத் துறப்பு வாசகத்தை அங்கிருந்த 1977-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாததாக்கியது.

அடுத்த ஆண்டே கபாரோ வழக்கில் அதே அவை மறுபக்கம் நின்றது. ஒரு கம்பெனியின் தணிக்கை அறிக்கையை நம்பிப் பங்குகளை வாங்கிக் குவித்தவர்கள், 13 லட்சம் பவுண்டு லாபம் என்று காட்டிய இடத்தில் உண்மையில் 4 லட்சத்துக்கு மேல் நஷ்டம் என்றார்கள். தணிக்கை அறிக்கை பங்குதாரர்கள் சேர்ந்து நிர்வாகத்தைக் கண்காணிப்பதற்கு, முதலீடு செய்யலாமா என்று முடிவெடுப்பதற்கு அல்ல என்று வழக்கு தள்ளுபடியானது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நீதிமன்றம் எதைப் பார்க்கிறது என்பது விளங்கும்: எழுதியவருக்கு, இன்னார் இன்ன காரியத்துக்கு இதை நம்பப்போகிறார் என்று தெரியுமா?

வங்கி ஒபினியனில் வீடு வாங்குபவரின் பெயர், சர்வே எண், கடன் தொகை எல்லாம் இருக்கும். அதனால் நார்விச் வழக்கின் பக்கம் வாதாட இடம் உண்டு என்பது என் கருத்து. ஆனால் இரண்டு பெரிய தடைகள். ஒபினியன் கிளை மேலாளருக்கு எழுதப்படுகிறது, பல சமயம் வாங்குபவர் அதைப் பார்ப்பதே இல்லை. பார்க்காததை நம்பி வாங்கினேன் என்று நிரூபிப்பது கடினம். மேலும், "வங்கியின் உபயோகத்துக்கு மட்டும்" என்ற வாசகம் இருந்தால், அதைச் செல்லாததாக்க இங்கிலாந்தின் 1977 சட்டம் நமக்கு உதவாது.

காவல் நிலையமும் பெரும்பாலும் கைகொடுக்காது. தவறான ஒபினியன் கொடுத்த பேனல் வக்கீல்மீது போட்ட சதி வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, அதை உச்ச நீதிமன்றம் 2012-ல் உறுதி செய்தது. மோசடித் திட்டத்தில் அவரும் கூட்டு என்றால்தான் குற்றம், வெறும் அலட்சியம் அதற்குப் போதாது என்றது. வக்கீல்களின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதத்தில் இன்னொரு தீர்ப்பு வந்தது. மிஞ்சுவது உரிமையியல் நீதிமன்றம்தான்.

அங்கே முதல் எதிரி பேனல் வக்கீல் அல்ல, விற்றவர்கள். விற்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்ற உறுதிமொழி ஒவ்வொரு விற்பனையிலும் அடங்கியிருப்பதாகச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. உரிமையில் குறை வந்தால் நஷ்டத்தை ஈடுகட்டுவோம் என்ற ஈட்டுறுதி வாசகமும் கிரயப் பத்திரத்தில் வழக்கமாக இருக்கும். இது ஒப்பந்தம், ஆகவே வெறும் பண இழப்பு என்ற தயக்கமே இங்கு எழாது. விற்றவர்களிடம் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கவலை.

வாங்கும் முன் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: கட்டணம் கொடுத்து நீங்களே ஒரு வக்கீலை அமர்த்துங்கள். ஒபினியன் உங்கள் பெயருக்கு எழுதப்பட வேண்டும், "இந்தச் சொத்தை வாங்குவதற்காக" என்ற நோக்கம் அதில் இருக்க வேண்டும். பிறகு, அவர் பார்த்த ஆவணங்களின் பட்டியலை நீங்களே படியுங்கள். பத்திரம் அப்பா பெயரில் இருந்து விற்பவர்கள் பிள்ளைகளாக இருந்தால், இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் பட்டியலில் இருக்கிறதா? வாரிசுச் சான்றிதழில் உள்ள பெயர்களைக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். ஒரு பெயர் குறைந்தாலும் அவரிடமிருந்து பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வரும்வரை முன்பணத்துக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.